கும்பாசர் துவிதியைப் பாலுக்கு ரசீது இல்லை

மெஹ்சாணா,
ஞாயிற்றுக்கிழமை, பால்காரன் வந்துபோன பிறகு.

பெருமைக்கும் கோபத்துக்கும் உரிய சம்பந்தி ஜடாசங்கர் பண்டியா அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மருமகளைப் பெற்ற திரம்பக்லால் ஓஜா இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டாளும் முட்டிவலி நீங்கலாகச் சுகம். மஞ்சரி சுகம். எட்டாம் மாதத்துக்கு உரிய வீம்புடன் மாதுளை கேட்கிறாள், வாங்கி வந்தால் புளிக்கிறது என்கிறாள். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் பம்பாய் மழையில் நனையாமல் சுகமாக இருக்க அம்பாஜியை வேண்டுகிறேன்.

தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கடிதம் என்பதைவிட, திறந்த கார்டு. தபால்காரர் தெருமுனையில் படித்து, எதிர்வீட்டு வக்கீலிடம் கருத்துக் கேட்டு, அதன்பின் என்னிடம் கொடுத்தார். "பெண்ணைப் பெற்றவன் எட்டிப்பார்க்காத சீமந்தம் எங்கள் குலத்தில் இதுவே முதல்" என்று தாங்கள் எழுதியது நியாயம். நான் வராததற்குக் காரணம் கூட்டுறவுத் துறை என்று என் வீட்டாள் அங்கே சொன்னதும், "எந்தத் துறை ஒருவனை மகளின் மடி நிரப்பும் சடங்குக்குப் போகாதே என்று தடுக்கும்?" என்று சம்பந்தியம்மா கேட்டதும் அதைவிட நியாயம். எந்தத் துறையும் தடுக்கவில்லை. கும்பாசர் என்ற ஊரின் பால் சங்கக் கணக்கு உதைத்தது, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒட்டி அனுப்புகிறேன். தாங்களும் தயவுசெய்து இனி ஒட்டியே அனுப்புங்கள்.

கும்பாசருக்கு நான் போனதே ஒரு மனுவால்தான். ஹீராஜி தாக்கோர் என்ற உறுப்பினர் எங்கள் அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். அவருக்கு மீசை ஒரு முழம், குரல் இரண்டு முழம். செயலாளர் ஜீவண்பாய் சௌத்ரி உறுப்பினர்களின் பால்பணத்தைத் தின்கிறார், அவர் வீட்டுக்குப் புதுத் தகரக்கூரை வந்தது எப்படி என்று கேளுங்கள், என்பது மனு. சீமந்தத்துக்கு ஐந்து நாள் இருந்தது. சின்னச் சங்கம், ஒரு வேளைக்கு நாற்பது பேர்தான் பால் ஊற்றுவார்கள், இரண்டு நாளில் முடித்துவிட்டு பம்பாய் மெயில் ரயிலைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். சடங்குக்கென்று எடுத்த ஜரிகை வேட்டியையும் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். போகிற இடத்தில் நான் யார் வீட்டுத் தண்ணீரும் குடிப்பதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷமாகச் சொந்தக் கூஜா. ஆடிட்டர் ஒரு டம்ளர் மோர் குடித்தால், அந்த மோர் வயிற்றிலிருந்து பேனாவுக்கு ஏறிவிடும் என்பது என் கட்சி.

முதல் நாள் மாலை பால் ஊற்றும் இடத்தில் நின்று பார்த்தேன். வரிசையாகச் செம்புகள், ஜீவண்பாய் அளந்து, ஒவ்வொருவர் பாலிலும் ஒரு துளி எடுத்து எண் போட்ட குப்பியில் வைத்து, கொழுப்புப் பார்த்து, லிட்டரையும் கொழுப்பையும் பால் பதிவேட்டில் ஒன்றும் அவரவர் கைப்புத்தகத்தில் ஒன்றுமாக எழுதினார். ஏமாற்று இருந்தால் இங்கேதான் இருக்கும் என்று குப்பிகளின் மேல் குனிந்தேன். கொழுப்புப் பார்க்க ஊற்றுகிற அமிலம் ஒரு சொட்டு தெறித்தது. கூஜாத் தண்ணீர் கொட்டி உடுத்திய வேட்டி நனைந்திருந்ததால் அன்று ஜரிகை வேட்டியைக் கட்டியிருந்தேன். சுட்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. "சாகிப், சீக்கிரம் தண்ணி ஊத்துங்க, இல்லேன்னா அது உங்க தொடைக் கொழுப்பையும் அளந்து சொல்லிடும்" என்றார் ஜீவண்பாய். அவர் நகைச்சுவை எனக்குப் பிடிக்கவில்லை. குற்றவாளிகள் சகஜமாகப் பேசுவார்கள் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

தராசு சரி. அளவைப் படி சரி. தண்ணீர் கலப்பு இல்லை. சங்கத்திலிருந்து லாரியில் ஏறிய பாலும் பெரிய பால்பண்ணை கொடுத்த சீட்டும் ஒத்துப்போயின. பண்ணை அனுப்பிய பணம் ஒரு பைசா குறையாமல் ரொக்கப் புத்தகத்தில் வரவாகியிருந்தது. பத்து நாளைக்கு ஒரு முறை உறுப்பினர்களுக்குப் பட்டுவாடா. அந்தத் தொகையும் ரொக்கப் புத்தகத்தில் செலவாகியிருந்தது. எனக்கு முன்னால் வந்த ஆடிட்டர்கள் எல்லாரும் இந்த இடத்தில் மூடிவைத்துவிட்டு ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். நான் போகவில்லை. பட்டுவாடாத் தாளில் ஒவ்வொரு உறுப்பினரும் கைநாட்டு வைத்த தொகைகளை நானே உட்கார்ந்து கூட்டினேன். ரொக்கப் புத்தகத்தில் செலவு எழுதியதைவிடக் கைநாட்டு வைத்து வாங்கியது இருநூற்று நாற்பத்திரண்டு ரூபாய் அறுபது பைசா குறைவு. அதாவது பால் வந்திருக்கிறது, பால் விற்றிருக்கிறது, பணம் வந்திருக்கிறது, உறுப்பினர் கைக்குப் போகவில்லை. கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சந்தோஷப்பட்டேன் சம்பந்தி. இப்போது நினைத்தால் கூசுகிறது, ஆனால் அன்றைக்குச் சந்தோஷம்தான்.

அடுத்த பத்து நாள் கணக்கு பைசா சுத்தம். அதற்கடுத்ததும் சுத்தம். அதற்கடுத்ததில் மறுபடி துண்டு, இருநூற்று ஐம்பத்தொன்று பதினைந்து. இப்படி மாதத்துக்கு ஒரு முறை. ஒரே ஒரு மாதம் மட்டும், தலைமாட்டில் ஒன்று கால்மாட்டில் ஒன்றாக இரண்டு துண்டு. திருடனுக்கு அந்த மாதம் பேராசை வந்துவிட்டது என்று எழுதிவைத்தேன். அவன் மச்சினன் ஊருக்கு வரும்போது திருடுகிறானா, வட்டி கட்டும் நாளில் திருடுகிறானா என்று யோசித்து யோசித்து, மெயில் போனது, சீமந்தம் போனது. தங்கள் வீட்டில் என் மகள் மடியில் தேங்காயும் கோதுமையும் விழுந்த நேரத்தில் நான் கும்பாசரில் ஒரு உறுப்பினரின் இருபது வேளைப் பாலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஊற்றியது நாற்பத்து மூன்றரை லிட்டர், பணம் வாங்கியது நாற்பத்தொரு லிட்டருக்கு. பக்கத்து ஆளுக்கும் அப்படியே ஒரு வேளைப் பால் குறைவு. அதற்கடுத்தவருக்கும். எல்லாருக்கும் அதே ஒரு மாலை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன், பஞ்சாங்கம் தொங்கியது. துண்டு விழுந்த மாலைகள் பதின்மூன்றும் வளர்பிறைத் துவிதியை, இங்கே பீஜ் என்று சொல்வது. பிராமணனாகப் பிறந்து, பஞ்சாங்கத்துக்கு நேர் எதிரே நாலைந்து நாள் உட்கார்ந்து, திருடனின் மச்சினனைத் தேடியிருக்கிறேன்.

நாற்பத்து மூன்றரை லிட்டர்க்காரி ஜமுபென் என்ற, மாடு மேய்க்கும் ரபாரிக் குலத்துப் பெண். கைப்புத்தகத்துடன் வரச்சொல்லி, "அம்மா, அன்று மாலை நீ இரண்டரை லிட்டர் ஊற்றியிருக்கிறாய். உனக்குக் காசு வரவில்லை. உன்னை ஏமாற்றியிருக்கிறார்கள்" என்றேன்.

"அது பீஜ் பால் சாகிப்" என்றாள்.

"எந்தப் பாலாக இருந்தாலும் பால்தானே?"

"உங்க வீட்ல சாமிக்குப் படைச்சதக் கடையில வச்சு விப்பீங்களா? நல்லாத்தான் கேக்குறீங்க. பீஜ் அன்னிக்கு யாராச்சும் பாலுக்குக் காசு வாங்குவாங்களா? முன்னெல்லாம் காய்ச்சி ஊருக்கு ஊத்துவோம். மீதியை நாய்க்கு ஊத்துவோம். பால் சங்கம் வந்தப்புறம் சங்கத்துல ஊத்துறோம். காசு யாருக்குத் தேவையோ அவங்களுக்குப் போவுது."

"யாருக்குப் போகிறது?"

"அதைத் தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் என்ன தானம்? ஜீவண்பாய்க்குத் தெரியும். அவருக்கு முன்னாடி இருந்தவருக்குத் தெரிஞ்சது. எங்களுக்கு எதுக்கு?" என்றவள் எழுந்துகொண்டு, என் வேட்டி ஓட்டையைப் பார்த்து, "அதைத் தைச்சுக்குடுக்கவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

தாங்கள் பம்பாய்க்குப் போய் நாற்பது வருஷம் ஆகிறது, மறந்திருக்கலாம். ரகசிய தானம் நம் பக்கத்து வழக்கம்தான். கொடுப்பவனுக்கு யாருக்குப் போகிறது என்று தெரியக்கூடாது, வாங்குபவனுக்கு யார் கொடுத்தது என்று தெரியக்கூடாது, நடுவில் இருக்கும் கை பேசக்கூடாது. நானும் கோயில் உண்டியலில் கைமூடிப் போடுபவன்தான். ஆனால் அதைப் பால் சங்கத்தின் ரொக்கப் புத்தகம் வழியாகச் செய்தால் நான் என்ன செய்வது? ஜீவண்பாயை எதிரே உட்காரவைத்து, என் குரலில் எத்தனை மரியாதை உண்டோ அத்தனையும் சேர்த்துச் சொன்னேன். உறுப்பினர்கள் விட்டுக்கொடுத்த பணம் என்றால் அதற்கு நிர்வாகக் குழுத் தீர்மானம் வேண்டும். உறுப்பினருக்குக் கொடுத்ததாகச் செலவு எழுதியது தப்பு, தானம் என்று எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும், அதில் பணம் வாங்கியவர் கையெழுத்து வேண்டும்.

"வாங்கினவருக்கே தெரியாது சாகிப், யார் குடுத்ததுன்னு. கையெழுத்து எப்படி வாங்குறது?"

"பெயரையாவது சொல்லுங்கள். நான் போய் விசாரித்துக்கொள்கிறேன்."

"நீங்க விசாரிச்சா ஊரே விசாரிக்கும்."

"ஜீவண்பாய், பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. மூவாயிரத்து நூற்றெண்பத்தாறு ரூபாய் நாற்பது பைசா. நான் இதற்கு என்ன எழுதுவது?"

"உங்க வேலையில என்ன எழுதணுமோ அதை எழுதுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு மனுஷன் தன்மேல் கையாடல் எழுதச் சொல்லி, நான் எழுதுவதற்கு வசதியாக விளக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்தார். அந்த நிமிஷத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சீமந்தத்தையும் கோட்டைவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் என் வீட்டாளுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலைதான் எனக்கு. திருடன் ஒருவனாவது கிடைத்தான் என்றால் ஒரு மரியாதை. எழுதினேன். கையாடல், செயலாளரை நீக்கவும், தொகையை வசூலிக்கவும். இனி எந்த நாள் பாலுக்கும் உறுப்பினர் கையிலேயே பணம் கொடுத்துக் கைநாட்டு வாங்கவும் என்று ஒரு பரிந்துரையையும் சேர்த்தேன். அந்த வாக்கியம் நன்றாக அமைந்ததாக அப்போது எனக்குள் ஒரு பெருமை. மறுநாள் காலை தாலுகா தபால் ஆபீசில் பதிவுத்தபாலில் சேர்த்துவிட்டு, பெட்டியை எடுக்கக் கும்பாசருக்குத் திரும்பினேன்.

அங்கே ஹீராஜி தாக்கோர் என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப்போனார். மனுப் போட்டவர், வென்றவர், விடுவாரா? கயிற்றுக்கட்டிலில் உட்காரவைத்து, "அந்த ஜீவணியாவுக்கு வச்சீங்க பாருங்க ஆப்பு!" என்று தொடையில் தட்டினார். என் தொடையில். நான் கூஜாவைத் திறந்து என் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு ஊழலிலிருந்து உலகத்துக்குப் போய், உலகத்திலிருந்து அவர் மகள் ஹன்ஸாவுக்கு வந்தது. அகமதாபாத்தில் நர்ஸ் படிப்பு, விடுதியில் இருக்கிறாள்.

"அப்பன் எருமை மேய்ச்சாலும் பொண்ணு ஊசி போடுவா சாகிப். அவ புத்தியைப் பாத்துட்டு பம்பாய்லேர்ந்து ஒரு டிரஸ்டு விடுதிக் காசு அனுப்புது. கோபால் டிரஸ்டுன்னு பேரு. மாசாமாசம் மணியார்டர். அதுல பாருங்க ஒரு அதிசயம். மத்த டிரஸ்டெல்லாம் எரநூறுன்னா எரநூறு அனுப்புவான். இவங்க நாணயஸ்தனுங்க, கணக்குப் பாத்து அனுப்புறானுங்க. எரநூத்தி நாப்பத்திமூணு, எரநூத்தி அம்பத்திரெண்டு, எரநூத்தி முப்பத்தொம்பது. எனக்கு அத்தனையும் மனப்பாடம். நடுவுல ஒரு மாசம் ரெண்டு தடவை வந்துச்சுன்னா பாத்துக்குங்க, அவ பரீட்சையில நல்ல மார்க் எடுத்திருப்பா!"

கூஜா என் கையிலேயே நின்றுவிட்டது. இருநூற்று நாற்பத்திரண்டு அறுபது, இருநூற்று ஐம்பத்தொன்று பதினைந்து, இருநூற்று முப்பத்தெட்டு நாற்பது. பதின்மூன்று துண்டும் எனக்கும் மனப்பாடம். பைசாவை ஒவ்வொரு முறையும் மேலே ஏற்றி முழு ரூபாய் ஆக்கியிருந்தார் ஜீவண்பாய். ஒரு தடவைகூடக் கீழே இறக்கவில்லை. ஊரே சேர்ந்து தன் மகளைப் படிக்கவைக்கிறது என்று தெரியாமல் அந்தப் பணம் எங்கே போகிறது என்று மனுப் போட்டிருக்கிறார் இந்த மனுஷர், அதை விசாரிக்க ஜரிகை வேட்டியோடு நான் வந்திருக்கிறேன். "என்ன சாகிப், மூஞ்சி வெளுத்துப்போச்சு? உங்க தண்ணி கெட்டுப்போயிருக்கும், எங்க வீட்டு மோரைக் குடிங்க" என்றார் ஹீராஜி. எழுந்து வந்துவிட்டேன்.

ஜீவண்பாய் தன் எருமைக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"ஹீராஜி வீட்டுக்குப் போனீங்களா?"

"ஏன் ஐயா சொல்லவில்லை? உம்மேல் மனுப் போட்டவனே அவன்!"

"அவன் போட்டா என்ன? படிக்கிறது அவனா? பொண்ணுல்ல படிக்குது" என்றார். பிறகு தவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "சாகிப், அவன் வாய் பெரிசு, ஆனா மானஸ்தன். ஊர்ப் பால்காசுன்னு தெரிஞ்சா அன்னிக்கே பொண்ணக் கூட்டியாந்துருவான். கடனுக்குக்கூட என்கிட்ட வரமாட்டான். அதான் பம்பாய்ல வைரம் தீட்டுற நம்மூர்ப் பையன் ஒருத்தன் ஊருக்கு வரப்ப குடுத்தனுப்பி, அங்கேர்ந்து போடவச்சேன். நீங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது. எனக்கு வாக்குக் குடுங்க."

"மணியார்டர் கமிஷன்?" என்று கேட்டேன். சம்பந்தி, அந்த நேரத்திலும் நான் அதைத்தான் கேட்டேன்.

"அது என் பையிலேர்ந்து" என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டது போல இருந்தது.

புதுத் தகரக்கூரை? அது அவர் மச்சினன் போட்டுக் கொடுத்தது. மச்சினன் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கிட்டத்தில் போயிருக்கிறேன்.

பதிவுத்தபாலை நிறுத்தத் தாலுகாவுக்கு ஓடினேன். தபால் பை கிளம்பிவிட்டது. மெஹ்சாணாவுக்கு வந்து அலுவலகத்தில் கேட்டேன், என் அறிக்கையை நானே திருத்தலாமா என்று. தாராளமாகத் திருத்தலாம், பணம் வாங்கியவர் பெயரும் கையெழுத்தும் கிடைத்தால் கையாடல் போய்விடும் என்றார்கள். விதி அதுதான், முப்பத்தோரு வருஷமாக நான் மற்றவர்களுக்குச் சொன்ன விதி. பெயரைச் சொன்னால் பெண்ணின் படிப்பு போகும், சொல்லாவிட்டால் ஜீவண்பாயின் பெயர் போகும். ஜீவண்பாய் தன் பெயரைக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்தபடியே நானும் வாயை மூடிக்கொண்டேன், தங்களிடம்தான் முதல்முறையாகத் திறக்கிறேன். இதில் நான் செய்த ஒரே நல்ல காரியம் வாயை மூடியது. அதற்கும் தைரியம் ஒன்றும் தேவைப்படவில்லை.

வசூல் உத்தரவு போயிற்று. தொகை கட்டியதைச் சரிபார்க்க என்னையே அனுப்பினார்கள். ஜீவண்பாய் தவிடு கலந்துகொண்டிருந்த அந்த எருமையை விற்றுவிட்டிருந்தார். நோட்டுகளை மேசையில் வைத்து, நாற்பது பைசாவையும் வைத்து, "ரசீது குடுங்க சாகிப்" என்று கேட்டார். கிண்டல் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். கொடுத்தேன். எருமை இல்லாததால் பால் ஊற்ற வழியில்லை, இன்னும் சில மாதம் இப்படியே போனால் சங்கத்தில் ஓட்டும் இல்லை. செயலாளர் பொறுப்பு தற்காலிகமாக யாருக்குப் போயிற்று என்று தாங்களே ஊகித்திருப்பீர்கள். ஹீராஜி தாக்கோர்.

நான் போன அன்று துவிதியை. பஞ்சாங்கத்தை முதலிலேயே பார்த்துவிட்டேன், இப்போதெல்லாம் பார்க்கிறேன். மாலை ஆனது. ஹீராஜி தராசைத் துடைத்து, குப்பிகளை அடுக்கி, பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் பரிந்துரைப்படி அன்றைய பாலுக்கும் கையில் காசு, தாளில் கைநாட்டு. ஒருத்தர்கூட வரவில்லை. லாரி வந்து, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, காலி கேன்களோடு போயிற்று. பதிவேட்டில் பால் இல்லை, பட்டுவாடாவில் பணம் இல்லை, இரண்டும் அப்படியே பொருந்தின. முப்பத்தோரு வருஷத்தில் இத்தனை சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை.

"ஹீராஜி, நீங்களும் ஊற்றவில்லையா?" என்றேன்.

"பீஜ் பாலுக்குக் காசு வாங்கவா? நான் என்ன அவ்வளவு கேடுகெட்டவனா?" என்றார். மீசையைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். அவருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "சாகிப், அந்த பம்பாய் டிரஸ்டு ரெண்டு மாசமா காசு அனுப்பல. விடுதில நோட்டீஸ் ஒட்டிட்டாங்களாம். இந்த மாசக் கடைசிக்குள்ள கட்டலேன்னா ஹன்ஸாவக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. அங்கயும் எவனோ ஒரு ஜீவணியா பூந்துட்டான் போல. நீங்கதான் பெரிய ஆடிட்டராச்சே, அந்த டிரஸ்டுக் கணக்கையும் ஒருதரம் பாத்துக் குடுங்களேன்."

எழுந்து வெளியே வந்தேன். சத்திரத்துக்கு முன்னால் மூன்று அண்டாக்களில் பால் காய்ந்துகொண்டிருந்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் டம்ளரோடு, ஊர் நாய்கள் எல்லாம் நாக்கோடு. கரண்டி பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தது, ஒரு சொட்டுப் பாலுக்கும் சொந்தமில்லாத ஜீவண்பாய். ஜமுபென் பக்கத்தில் நின்று, "ஆடிட்டரு வந்திருக்காரு, பாத்து ஊத்துங்க, நாயெல்லாம் கைநாட்டு வைக்கணும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் வேறு வழியில்லாமல் சிரிப்பு வந்தது. ஜீவண்பாய் ஒரு டம்ளரை நிரப்பி என் முன்னால் நீட்டினார். "குடிங்க சாகிப். இதுக்கு ரசீது கிடையாது."

குடித்தேன் சம்பந்தி. முப்பத்தோரு வருஷத்தில் தணிக்கைக்குப் போன ஊரில் நான் குடித்த முதல் பால். நல்ல எருமைப்பால், நல்ல கொழுப்பு, எத்தனை சதவீதம் என்று யோசிக்கக்கூட இல்லை. தொண்டையில் இறங்கும்போது அழுகை வந்தது. சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதுதான் நடந்தது. ரிட்டயர் ஆக நான்கு மாதம் இருக்கிறது. இனி எந்த ஊர்க் கணக்கிலும் தலையிடப் போவதில்லை. விதிப்படி செய்தேன், விதிப்படி முடிந்தது, கும்பாசருக்கும் எனக்கும் இனி ஒரு பைசாத் தொடர்பும் இல்லை. பற்றுச்சீட்டு இல்லாமல் யாருக்கும் எதுவும் தந்தவனும் இல்லை, தரப்போகிறவனும் இல்லை. சீமந்தத்துக்கு வராத குற்றத்துக்கு அபராதமாக, சம்பந்தியம்மாவுக்கு வாயால் தந்து இன்னும் கையால் தராத வெள்ளிக் கிண்ணத்துக்காக ரூபாய் ஐநூற்று இருபது, இன்ஷூர் செய்த இந்தத் தபால் உறையில் வைத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டு கோபத்தைத் தணித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், சம்பந்தியம்மாவுக்கு நமஸ்காரம், தங்கள் பாதங்களுக்கு என் தலை. பிறக்கப்போவது ஆணோ பெண்ணோ, கணக்கு வேலைக்கு மட்டும் வராமல் இருக்க அம்பாஜி அருள்புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பையும் மெயிலையும் ஒருசேரத் தவறவிட்ட
திரம்பக்லால் ஓஜா

பி.கு.: மேலே வெள்ளிக் கிண்ணம் என்று எழுதியதை அடித்திருக்கிறேன், ஓரத்தில் சுருக்கொப்பம் இருக்கிறது. உறையில் உள்ள பணம் கிண்ணத்துக்கு அல்ல. தயவுசெய்து இது கிடைத்த மறுநாள் காலை தாங்களே காலபாதேவி தபால் ஆபீசுக்குப் போய், ஹீராஜி தாக்கோர், கும்பாசர் என்ற பெயருக்கு இரண்டு மணியார்டர் போடுங்கள். ஒன்று இருநூற்று அறுபத்தேழு, இன்னொன்று இருநூற்று ஐம்பத்து மூன்று. முழு நூறாக்கிவிடாதீர்கள், அவருக்குச் சந்தேகம் வரும். அனுப்புபவர் கோபால் டிரஸ்ட், "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி. அடுத்த மாதம் முதல் துவிதியைக்கு முன்பே தங்களுக்குப் பணம் வந்துவிடும், ஹன்ஸா படித்து முடிக்கும்வரை. சம்பந்தியம்மா கிண்ணம் கேட்டால் திரம்பக்லால் கஞ்சன் என்று சொல்லுங்கள், அது ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்ததுதான். கமிஷன் தங்கள் பையிலிருந்து. அது அங்கே வழக்கம். யாருக்கும் சொல்ல வேண்டாம், ரசீது வந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள், எனக்கு அனுப்ப வேண்டாம்.